பேட்டரி ஏன் வீங்குகிறது? உள்ளே சேரும் வாயு சொல்லும் சேதி என்ன?

நன்றாக வேலை செய்யும் போனிலும் பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அலட்சியமாக விடலாமா, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாமா? உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம்.

லேப்டாப்பின் டிராக்பேட் இரண்டு வாரமாகச் சரியாக க்ளிக் ஆகவில்லை. மேஜையில் வைத்தால் ஒரு மூலை லேசாக ஆடுகிறது. போனாக இருந்தால், திரை ஒரு பக்கம் மட்டும் மெல்ல எழும்பியிருக்கிறது. இருட்டில் பார்த்தால் ஓரத்திலிருந்து வெளிச்சம் கசிகிறது. பெரும்பாலானவர்கள் முதலில் நினைப்பது, "கீழ விழுந்திருக்கும்", "கம் விட்டுப்போச்சு போல" என்பதுதான். பின்பக்கத்தைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது, சப்பையாக இருக்க வேண்டிய பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருக்கிறது.

அதன் பிறகும் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். காரணம் எளிமையானது. "சார்ஜ் ஏறுது, நாள் முழுக்க நிக்குது, சூடும் ஆகல. அப்புறம் என்ன?" கேள்வி நியாயமானதுதான். ஆனால், லித்தியம் அயான் பேட்டரியைப் பொறுத்தவரை, நன்றாக வேலை செய்வதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. ஏன் என்று புரிய, அந்த வெள்ளிநிறப் பைக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பைக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய போன்களிலும் மெல்லிய லேப்டாப்களிலும் இருப்பவை பெரும்பாலும் 'பவுச் செல்' வகை. பவுச் என்றால் பை. சிப்ஸ் பாக்கெட் போல, அலுமினியத் தகடும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய மெல்லிய உறைதான் இதன் வெளிச்சுவர்.

உள்ளே இரண்டு நீளமான தகடுகள். ஒன்று, கிராஃபைட் பூசிய தாமிரத் தகடு, இது எதிர்முனை. இன்னொன்று, லித்தியமும் கோபால்ட் போன்ற உலோகமும் கலந்த ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு, இது நேர்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொடாமலிருக்க, நடுவே 'செப்பரேட்டர்' என்ற பிளாஸ்டிக் படலம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். இந்த மூன்றையும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டியோ, அடுக்கடுக்காக வைத்தோ பைக்குள் நுழைத்துவிடுகிறார்கள்.

கடைசியாக எலக்ட்ரோலைட் என்ற திரவம். பைக்குள் இது தண்ணீர் மாதிரி தளும்பிக்கொண்டிருக்காது. நனைந்த துணியில் ஈரம் இருப்பதுபோல அடுக்குகளுக்குள் ஊறிக் கிடக்கும். எத்திலீன் கார்பனேட் முதலான கரிமக் கரைப்பான்களில் லித்தியம் உப்பு ஒன்றைக் கரைத்தால் கிடைப்பது இது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் இதன் வழியாக நேர்முனையிலிருந்து கிராஃபைட்டுக்குப் போகும். போனைப் பயன்படுத்தும்போது திரும்பி வரும்.

வீக்கத்தின் கதையில் மையப் பாத்திரம் இந்தத் திரவம்தான். சார்ஜ் ஏறிய கிராஃபைட்டும் நேர்முனையும் மிகத் தீவிரமான வேதித்தன்மை கொண்டவை. அவற்றோடு நேரடியாகத் தொடர்பு ஏற்பட்டால் எலக்ட்ரோலைட் சிதைந்துவிடும். சிதையும்போது வெளிவருவதுதான் வாயு.

ஒவ்வொரு பேட்டரியும் ஒருமுறை வீங்கியதுதான்

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: இப்போது உங்கள் கையில் இருக்கும் போனின் பேட்டரி, ஆலையை விட்டு வெளியே வரும் முன்பே ஒருமுறை வாயுவை உண்டாக்கியிருக்கும்.

செல்லைத் தயாரித்து முதன்முறையாக சார்ஜ் ஏற்றும்போது, கிராஃபைட்டின் மேற்பரப்பில் எலக்ட்ரோலைட்டின் ஒரு சிறு பகுதி சிதைகிறது. அதில் மிஞ்சும் திடப்பொருள் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. பொறியாளர்கள் இதை 'எஸ்.இ.ஐ.' என்பார்கள்; நாம் காப்புப் படலம் என்று சொல்லலாம். அயனிகள் இதனூடே போய்வர முடியும்; ஆனால், கிராஃபைட் எலக்ட்ரோலைட்டை மேலும் சிதைக்காதபடி இது தடுத்துவிடும். இந்தப் படலம் இல்லாவிட்டால், லித்தியம் அயான் பேட்டரி சில நாள்கூடத் தாக்குப்பிடிக்காது.

படலம் உருவாகும்போது துணைப்பொருளாக வாயுவும் வருகிறது. அதில் முக்கியமானது எத்திலீன். வாழைத்தாரைப் பழுக்க வைப்பதும் இதே எத்திலீன்தான். ஆலைக்காரர்களுக்கு இது முன்கூட்டியே தெரியும் என்பதால், பவுச் செல்லைச் செய்யும்போதே ஒரு பக்கம் கூடுதலாக வெற்றுப்பை விட்டுத் தைப்பார்கள். முதல் சார்ஜில் வரும் வாயு அதில் சேரும். பிறகு வெற்றிடத்தில் வைத்து வாயுவை உறிஞ்சி எடுத்து, கூடுதல் பையை வெட்டி எறிந்துவிட்டு, விளிம்பைச் சூட்டால் ஒட்டி மூடிவிடுவார்கள்.

ஆக, வாயு வருவது என்பது இந்த பேட்டரியின் பிறவிக் குணம். ஆலையில் அதை வெளியேற்ற ஒரு வழி இருந்தது. கடைக்கு வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதன் பிறகு உருவாகும் வாயு போவதற்கு இடமில்லை.

வயதாக ஆக என்ன நடக்கிறது?

காப்புப் படலம் ஒருமுறை போட்டால் காலத்துக்கும் நிற்கும் சுவர் அல்ல. முழுதாக சார்ஜ் ஏறும்போது கிராஃபைட்டின் தடிமன் சுமார் 10 சதவீதம் கூடும். இறங்கும்போது மீண்டும் சுருங்கும். மூச்சு விடுவது போன்ற இந்த அசைவு நூற்றுக்கணக்கான முறை நடக்கும்போது படலத்தில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. விரிசல் விழுந்த இடத்தில் புதிய கிராஃபைட் வெளியே தெரியும். அங்கே மறுபடியும் கொஞ்சம் எலக்ட்ரோலைட் சிதைந்து விரிசலை அடைக்கும். ஒவ்வொரு அடைப்பிலும் கொஞ்சம் லித்தியம் செலவாகும். பேட்டரியின் கொள்ளளவு குறைவதற்கு இதுவே பெரிய காரணம். கூடவே துளித்துளியாக வாயுவும் வரும்.

மறுபக்கம் நேர்முனை. முன்பெல்லாம் லித்தியம் செல்லை 4.2 வோல்ட் வரைதான் சார்ஜ் செய்வார்கள். ஒரே அளவு பேட்டரியில் அதிக நேரம் ஓட வேண்டும் என்பதால், இப்போதைய போன் செல்கள் பல 4.4 வோல்ட்டையும் தாண்டுகின்றன. வோல்டேஜ் ஏற ஏற, நேர்முனை தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் எலக்ட்ரோலைட்டை ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்கும். அதில் கார்பன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். இதற்கு நீங்கள் போனைப் பயன்படுத்த வேண்டும் என்றுகூட இல்லை. 100 சதவீதத்தில் சும்மா வைத்திருந்தாலே போதும். செல் அந்த உயர் வோல்டேஜில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இந்த வேலை நடந்துகொண்டேயிருக்கும்.

இத்துடன் வெப்பம் சேர்ந்தால் வேகம் கூடும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு. அதன்படி, 25 டிகிரியில் இருக்கும் செல்லைவிட 45 டிகிரியில் இருக்கும் செல்லில் சிதைவு நான்கு மடங்கு வேகமாக நடக்கும்.

இப்போது, வருடம் முழுக்க சார்ஜரிலேயே செருகியிருக்கும் ஓர் அலுவலக லேப்டாப்பை நினைத்துப் பாருங்கள். பேட்டரி எப்போதும் 100 சதவீதம். பக்கத்திலேயே பிராசஸரின் சூடு. வெளியே சென்னை மே மாத வெயில். "நான் பேட்டரியை யூஸ் பண்றதே இல்ல, அது எப்படிக் கெட்டுப்போகும்?" என்று அதன் உரிமையாளர் கேட்பார். பேட்டரி ஓய்வெடுத்துக்கொண்டிருக்கவில்லை, முழு வோல்டேஜில், முழுச் சூட்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பதில்.

எதிர்த்திசையிலும் பிரச்சினை உண்டு. சார்ஜ் தீர்ந்த பழைய போனை மாதக்கணக்கில் டிராயரில் போட்டு வைத்தால், செல்லின் வோல்டேஜ் மெல்ல மெல்ல இறங்கும். அளவுக்கு மீறி இறங்கினால் காப்புப் படலமே சிதையத் தொடங்கும். தாமிரத் தகடும் கரையும். எடுத்து வைத்த பழைய போன் பின்மூடி பிளந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் எல்லா பேட்டரியும் வீங்க வேண்டுமே? ஏன் வீங்குவதில்லை? கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் தலைமையிலான ஆய்வுக்குழு இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. அவர்கள் கையாண்ட முறை, பள்ளியில் நாம் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். பவுச் செல்லை ஒரு திரவத்துக்குள் தொங்கவிட்டு, அதன் எடையை அளந்துகொண்டே சார்ஜ் செய்தார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் பை உப்பும். உப்பினால் மிதவை விசை கூடும். எடை குறைந்ததாகக் காட்டும். இப்படிச் செல்லைத் திறக்காமலே வாயு பிறப்பதை நேரடியாக அளக்க முடிந்தது. உருவாகும் வாயுவில் ஒரு பகுதியை எதிர்முனை திரும்ப உட்கொள்கிறது என்பதும் இத்தகைய சோதனைகளில் தெரிந்தது. நேர்முனையில் பிறக்கும் கார்பன் டை ஆக்சைடு, எதிர்முனைக்குப் போய் அங்கே வினைபுரிந்து காணாமல் போகிறது.

எனவே வீக்கம் என்பது வரவு செலவுக் கணக்கு. வாயு பிறக்கும் வேகத்துக்கு அது தீரும் வேகம் ஈடுகொடுக்கும்வரை பை சப்பையாகவே இருக்கும். உயர் வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்து வரவைக் கூட்டிவிட்டால், மிச்சம் சேர ஆரம்பிக்கும். இரண்டு வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்த பேட்டரி, ஒரு கோடையில் 'திடீரென்று' வீங்கியதாகத் தோன்றுவது இதனால்தான்.

ஓர் அரிசி அளவு திரவம் போதும்

பேட்டரி வீங்கியும் போன் ஏன் நன்றாக ஓடுகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும்.

ஒரு போன் செல் 90 மில்லிமீட்டர் நீளம், 60 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அது சராசரியாக 1 மில்லிமீட்டர் உப்பினால், பரப்பளவு 54 சதுர சென்டிமீட்டர் என்பதால், உள்ளே கூடியிருக்கும் வாயு சுமார் 5.4 மில்லிலிட்டர். அதாவது, ஒரு டீஸ்பூன். ஒரு மில்லிமீட்டர் என்பது சிறியதாகத் தெரியலாம். ஆனால், இன்றைய மெல்லிய போனில் திரையைத் தூக்கிவிட அது போதும்.

இந்த ஒரு டீஸ்பூன் வாயுவை உண்டாக்க எவ்வளவு எலக்ட்ரோலைட் சிதைய வேண்டும்? திரவம் வாயுவாகும்போது பல நூறு மடங்கு இடத்தைப் பிடிக்கும். வாயு முழுவதும் எத்திலீன் கார்பனேட்டிலிருந்து வந்த எத்திலீன் என்று வைத்துக் கணக்கிட்டால், 20 முதல் 40 மில்லிகிராம் வரை போதும். ஒன்று அல்லது இரண்டு அரிசியின் எடைதான் அது. அத்தகைய செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் மொத்தம் சுமார் 5 கிராம். அதில் நூற்றில் ஒரு பங்குகூடச் சிதைந்திருக்க வேண்டியதில்லை.

மீதி 99 சதவீதத் திரவம் அப்படியே இருக்கிறது. அதனால் சார்ஜ் ஏறும், இறங்கும், போனின் 'பேட்டரி ஹெல்த்' பக்கம்கூட 85, 90 என்று நல்ல எண்ணைக் காட்டலாம். அந்த எண், வோல்டேஜ், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை வைத்துப் போடப்படும் கணக்கு. போனுக்குள் வாயுவை அளக்கும் சென்சார் பொதுவாகக் கிடையாது. பேட்டரியின் ஆரோக்கியம் 88 சதவீதம் என்று திரை சொல்லும்போதே, அந்தத் திரையைப் பின்னாலிருந்து பேட்டரி தள்ளிக்கொண்டிருக்கலாம்.

அப்படியென்றால் ஆபத்து எங்கே?

வீங்கிய பேட்டரி எல்லாமே அடுத்த நிமிடம் தீப்பிடிக்கும் என்பதல்ல. பெரும்பாலானவை அப்படியே கழற்றி மாற்றப்படுகின்றன. ஆனால், வாயு சேர்ந்த பிறகு செல்லின் பாதுகாப்புக்கென விடப்பட்டிருந்த இடைவெளிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன.

முதலாவது, அடுக்குகள் விலகுகின்றன. தகடுகளும் செப்பரேட்டரும் ஒன்றோடொன்று அழுத்திப் பொருந்தியிருந்தால்தான் அயனிகள் சீராகப் பாயும். நடுவே வாயுக் குமிழ் புகுந்தால் அந்த இடம் வறண்டுபோகும். பாய வேண்டிய மின்னோட்டம் பக்கத்து இடங்களில் நெரிசலாகக் குவியும். அங்கே லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல், அதன் மேலேயே உலோகமாகப் படியலாம். அந்தப் படிவு முள் போல வளர்ந்து செப்பரேட்டரைத் துளைத்தால், இரு முனைகளும் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். வீங்கிய பேட்டரியைத் தொடர்ந்து சார்ஜ் செய்யக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது, உப்பிய செல் தன்னைச் சுற்றியிருப்பவற்றின் மேல் அழுந்துகிறது. போன், லேப்டாப் வடிவமைப்பில் பேட்டரியின் இயல்பான விரிவுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அது தீர்ந்த பிறகு, ஸ்குரூவின் முனையோ, ஃபிரேமின் விளிம்போ மெல்லிய உறையில் குத்திக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் போன் கீழே விழுவதும், இறுக்கமான பேன்ட் பாக்கெட்டில் வளைவதும் முன்பு போலச் சாதாரண விஷயமல்ல.

மூன்றாவது, வாயு எரியக்கூடியது. கார்பன் டை ஆக்சைடு எரியாது. ஆனால், கூடவே இருக்கும் எத்திலீன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன் போன்றவை எரியும். எலக்ட்ரோலைட்டின் ஆவியும் எரியும். உறை கிழிவதும் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பொறி வருவதும் ஒரே சமயத்தில் நடந்தால் விளைவு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வீக்கத்துக்கு எப்போதும் வயதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. 2018 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், டச் பார் இல்லாத 13 அங்குல மேக்புக் புரோ லேப்டாப்களில் சிலவற்றின் பேட்டரியை இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. 2016 அக்டோபர் முதல் 2017 அக்டோபர் வரை தயாரான சில லேப்டாப்களில், ஒரு பாகம் பழுதாகி பேட்டரி உப்பக்கூடும் என்று அந்த நிறுவனம் சொன்னது. இது பாதுகாப்புப் பிரச்சினை அல்ல என்றும் கூறியது. ஆனாலும் பேட்டரியை மாற்றியது. வாங்கி ஒன்றிரண்டு வருடத்திலேயே வீங்கினால், வாரன்ட்டியையும் இத்தகைய அறிவிப்புகளையும் சரிபார்ப்பது நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

போனின் உறையைக் கழற்றிவிட்டு, திரை கீழே இருக்கும்படி சமமான கண்ணாடி அல்லது டைல்ஸ் மேல் வையுங்கள். பின்பக்கத்தில் கேமரா மேடு இருப்பதால், அதைக் கீழே வைத்துப் பார்த்தால் தவறான முடிவு வரும். திரைப்பக்கம் வைத்தும் போன் ஆடினாலோ, லேசாகத் தட்டினால் பம்பரம் போலச் சுற்றினாலோ நடுப்பகுதி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். திரையின் ஓரத்தில் புதிதாக இடைவெளி, ஒரு பகுதியில் மட்டும் நிறம் மாறிய திட்டு, பின்மூடி எழும்புவது ஆகியவையும் அறிகுறிகள்.

லேப்டாப்பில் பெரும்பாலும் டிராக்பேட்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பேட்டரி அதற்குக் கீழேயே இருப்பதால், க்ளிக் செய்ய இடமில்லாமல் இறுகிவிடும். மூடி சரியாக மூடாமலிருப்பதும், அடிப்பக்கம் மேஜையில் படியாமல் ஆடுவதும் அடுத்த அறிகுறிகள். நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற இனிப்பான ரசாயன வாசனை வந்தால், உறை ஏற்கெனவே கசிகிறது என்று பொருள்.

அமுக்கிப் பார்த்து உறுதி செய்யத் தோன்றும். அது மட்டும் வேண்டாம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வீங்கவில்லை என்பதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஆகாது. சில பவர் பேங்க்குகளிலும் பழைய லேப்டாப்களிலும் இருக்கும் உருளை வடிவ செல்கள் உலோகக் குடுவைக்குள் இருப்பவை. அவற்றிலும் வாயு சேரும். ஆனால், குடுவை உப்பாது, அழுத்தம்தான் கூடும். அழுத்தம் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பும், வாயுவை வெளிவிடும் திறப்பும் அவற்றில் வைக்கப்படுகின்றன. பவுச் செல்லில் அப்படிப்பட்ட ஏற்பாடு பொதுவாக இருப்பதில்லை. வீக்கம் ஒன்றே அது தரும் எச்சரிக்கை.

ஊசியால் குத்திக் காற்றை விட்டால் சரியாகிவிடாதா?

"உள்ள காத்துதானே இருக்கு, குத்தி விட்டுட்டு டேப் ஒட்டிடலாம்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஆலையில் செய்வதும் அதுதானே என்று தோன்றலாம். ஆனால், ஆலையில் வெற்றிடத்தில், ஈரப்பதம் நீக்கிய சூழலில், தகடுகள் இல்லாத வெற்றுப்பையில்தான் துளையிடுகிறார்கள். வீட்டில் குத்தினால் ஊசி நேராக அடுக்குகளுக்குள் இறங்கும். நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே இருப்பது அந்த மெல்லிய படலம் மட்டும்தான்; உலோக ஊசி இரண்டையும் இணைத்துவிட்டால் அந்த நொடியே ஷார்ட் சர்க்யூட்.

அதிர்ஷ்டவசமாக ஊசி தகடுகளைத் தொடாமல் போனாலும், துளை வழியே காற்றின் ஈரம் உள்ளே புகும். எலக்ட்ரோலைட்டில் உள்ள லித்தியம் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உருவாகும்; தோலையும் நுரையீரலையும் அரிக்கும் நச்சு அது. சார்ஜ் ஏறிய கிராஃபைட்டும் ஈரத்தோடு வினைபுரிந்து சூடாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயுவை வெளியேற்றுவதால் அது பிறந்த காரணம் மாறுவதில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் வாயு குளிர்ந்து கொஞ்சம் சுருங்கும்; வெளியே எடுத்தால் பழையபடி உப்பும், கூடவே ஈரமும் படியும். வீங்கிய பேட்டரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை.

வீங்கியது தெரிந்தால் என்ன செய்வது?

சார்ஜரைக் கழற்றுங்கள், போனையோ லேப்டாப்பையோ ஆஃப் செய்யுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். 'போட்டோவை எல்லாம் பேக்கப் எடுத்துட்டு அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இரவு முழுக்க சார்ஜரில் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. மெத்தை, துணி, காகிதம் பக்கத்தில் இல்லாத டைல்ஸ் அல்லது சிமென்ட் தரையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மணல் போட்ட மண்சட்டி நல்ல இடம். காற்றுப்புகாத டப்பாவில் அடைக்க வேண்டாம். சூடு, புகை, சீறல் சத்தம், வாசனை எது தெரிந்தாலும் தொடாமல் விலகிச் சென்று தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

இல்லையென்றால், சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். போகும் முன்பே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். இப்போதைய பேட்டரிகள் பலமான பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், வீட்டில் ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுப்பது உறையைக் கிழிப்பதில்தான் முடியும். சேதமடைந்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் எடுத்துச் செல்ல அனுமதியில்லை. எனவே வெளியூர் சர்வீஸுக்கு கூரியரில் அனுப்பலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. குப்பை லாரியில் நசுங்கும்போதுதான் அது தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரியை மற்ற குப்பையிலிருந்து பிரித்துக் கொடுப்பது நுகர்வோரின் பொறுப்பு. அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடலாம்.

வீக்கத்தைத் தள்ளிப்போட முடியுமா?

முழுதாகத் தடுக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். மேலே பார்த்ததுபோல, வாயுவைப் பெருக்கும் இரண்டு காரணங்கள் முழு சார்ஜும் வெப்பமும்தான். இரண்டும் சேர்ந்தால் பேட்டரி எவ்வளவு தேயும் என்பதற்கு, பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தின் அட்டவணை ஒன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். ஒரு செல்லை 40 சதவீத சார்ஜில், 25 டிகிரியில் ஒரு வருடம் வைத்தால் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுமாம். முழு சார்ஜில், 40 டிகிரியில் வைத்தால் மிஞ்சுவது 65 சதவீதம். இது வாயுவின் அளவு அல்ல, கொள்ளளவின் கணக்கு. ஆனால், இரண்டுக்கும் பின்னால் இருப்பது எலக்ட்ரோலைட்டின் சிதைவே.

நடைமுறையில் இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், அதன் பேட்டரி செட்டிங்கில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து ஆன் செய்யுங்கள். புதிய போன்கள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. சார்ஜ் ஏறும்போது போனைத் தலையணைக்கு அடியில் வைப்பது, வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் விட்டுச் செல்வது, சார்ஜ் போட்டபடியே நீண்ட நேரம் கேம் ஆடுவது ஆகிய மூன்றும் செல்லை ஒரே சமயத்தில் உயர் வோல்டேஜிலும் சூட்டிலும் வைப்பவை.

பழைய போனை எடுத்து வைப்பதானால், சார்ஜைப் பாதியளவில் வைத்து ஆஃப் செய்து வைக்கச் சொல்கிறது ஆப்பிள். 32 டிகிரிக்குக் குறைவான, ஈரமில்லாத இடம் வேண்டும் என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பாதி சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றும் அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. மற்ற நிறுவனங்களின் போன்களுக்கும் இதே வேதியியல்தான். கடந்த ஆண்டு மாற்றிய போன் டிராயரில் கிடக்கிறது என்றால், அதை எடுத்துப் பின்மூடி சமமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சமமாக இருந்தால் பாதி சார்ஜ் ஏற்றி வையுங்கள். எழும்பியிருந்தால் சார்ஜரைத் தேட வேண்டாம், நேராக சர்வீஸ் சென்டருக்குத்தான்.